அந்த முடி என்னுடையது

மகனே,

நலமா என்று கேட்டு இதைத் தொடங்கப் போவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் உன் முகத்தைப் பார்த்தாகிவிட்டது. கன்னம் கொஞ்சம் ஊதியிருக்கிறது, நன்றாகத்தான் இருக்கிறாய். நானும் இருக்கிறேன். திருநின்றவூரில் இந்த வீட்டை உன் அப்பா கட்டியபோது சுற்றிலும் வெறும் மனைகள்தான். இப்போது பக்கத்து வீட்டுச் சமையல்கட்டு என் ஜன்னலை இடிக்கிறது, ஆனால் பேசத்தான் ஆள் இல்லை. எல்லோரும் விடியற்காலை ரயிலைப் பிடிக்க ஓடி, இருட்டிய பிறகு வருகிறவர்கள். இதை உனக்கு மட்டும் தனியாக அனுப்பியிருக்கலாம். அப்படி அனுப்பியதற்கெல்லாம் நீ ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறாய். அதனால் ஊரே படிக்கட்டும் என்று போனில் எல்லோரும் பார்க்கிற பக்கத்தில் எழுதுகிறேன். நாலு பேர் கேட்டாலாவது நீ பதில் சொல்வாய்.

ஞாயிற்றுக்கிழமை நீ ரொம்ப உற்சாகமாகப் பேசினாய். உங்கள் ஆபீசில் எல்லோரையும் உட்காரவைத்து ஒரு சட்டத்தைப் பற்றி வகுப்பு எடுத்தார்கள் என்றாய். தலைமுடி சுருட்டையாக இருக்கிறது, பின்னலாகப் பின்னியிருக்கிறது, சடை சடையாகத் திரித்திருக்கிறது என்பதற்காக யாரையும் வேலைக்கு எடுக்காமல் இருக்கக் கூடாது, வேலையை விட்டு அனுப்பக் கூடாது, பள்ளிக்கூடத்திலிருந்து வெளியே நிறுத்தக் கூடாது என்று வெளிநாட்டில் நீ இருக்கிற மாநிலத்தில் சட்டமே இருக்கிறது என்றாய். அதற்குள் பாப்பா ஓடிவந்து கேமராவை மறைத்துக்கொண்டு நின்றாள். தலைக்கு மேல் ஒரு குடை போல அவளுடைய முடி. "பாட்டி, என் ஹேர் பாரு. ஸ்கூல்ல யாரும் எதுவும் சொல்லக் கூடாதாம்" என்றாள். அப்புறம் உன் பக்கம் திரும்பி, "அப்பா, இது யார் மாதிரி ஹேர்?" என்று கேட்டாள். நீ யோசிக்கவே இல்லை. "நம்ம வீட்ல யாருக்கும் இல்லடா. உனக்கு மட்டும் ஸ்பெஷல்" என்றாய்.

நான் திரையில் இருந்தேன், மகனே. எண்ணெய் தடவி, படிய வாரி, கொண்டை போட்டு, ஊசி குத்தி உட்கார்ந்திருந்தேன். சிரித்தும் வைத்தேன். போனை வைத்த பிறகு அன்று நான் சாப்பிடவில்லை. கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், யோசித்துப் பார்த்தால் கோபமில்லை, துக்கம். உன் பிள்ளைக்கு என்னிடமிருந்து போய்ச் சேர்ந்தது அந்த ஒன்றுதான். அதையும் யாருடையதும் இல்லை என்று சொல்லிவிட்டாய்.

நீ சொன்ன சட்டத்தைப் பற்றிப் போனில் தேடித் தேடிப் படித்தேன். எனக்குப் புரிந்தவரை, அது நமக்காகப் போட்ட சட்டமில்லை. அங்கே இருக்கும் கறுப்பின மக்கள் வருஷக்கணக்காகப் பட்ட அவமானத்துக்குப் பிறகு போராடி வாங்கியது. இனத்தைக் காரணம் காட்டி ஒதுக்கக் கூடாது என்று அங்கே ஏற்கனவே சட்டம் இருந்திருக்கிறது. ஆனால் பின்னலோடு வேலைக்கு வந்த பெண்ணை அனுப்பிவிட்டு, 'இது இனமில்லை, சிகையலங்காரம், வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாமே' என்று கம்பெனிக்காரன் சொன்னால், கோர்ட்டும் சரி என்றிருக்கிறது. அந்த ஓட்டையைத்தான் அடைத்திருக்கிறார்கள். இனம் என்ற சொல்லுக்குள் முடியின் தன்மையும், அந்த முடிக்கென்று இருக்கும் பின்னல், திரிப்பு எல்லாமும் அடங்கும் என்று எழுதிவிட்டார்கள். ஒரு மாநிலம் தொடங்கி, ஒவ்வொன்றாகச் சேர்ந்திருக்கிறது. நாடு முழுவதுக்குமான சட்டம் இன்னும் தேறவில்லை. அதனால் நீ வேலை மாறி வேறு மாநிலத்துக்குப் போவதாக இருந்தால் அங்கே இது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு போ. இதை உன் ஆபீஸ் வகுப்பில் சொன்னார்களோ இல்லையோ, நான் சொல்லிவிட்டேன்.

இதெல்லாம் படித்தபோது எனக்கு நினைவு வந்தது ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தபோது நீ ஒன்பதாம் வகுப்பு படித்த வருஷம். எண்பதுகளின் கடைசி. சினிமாவைப் பார்த்துவிட்டுப் பையன்கள் எல்லாம் முடியை முன்னால் தூக்கிவிட்டுக்கொண்டும், காசுள்ளவன் சலூனில் மருந்து போட்டுச் சுருட்டிவிட்டுக்கொண்டும் திரிந்த காலம். அதைப் பெர்மிங் என்பார்கள். உன் பள்ளிக்கூடத்தில் அதற்குத் தடை. திங்கட்கிழமை காலை அசெம்பிளி முடிந்ததும் பிடி மாஸ்டர் வரிசை வரிசையாக வருவார். உச்சந்தலையில் விரலை விட்டுப் பிடிப்பார். விரலுக்கு மேலே முடி நீட்டிக்கொண்டிருந்தால் பாக்கெட்டில் இருக்கும் கத்தரியால் அந்த இடத்தில் ஒரு வெட்டு. காதைத் தொட்டால் ஒரு வெட்டு, காலரைத் தொட்டால் ஒரு வெட்டு. அந்தக் கோலத்தோடு ஊரைக் கடந்து போக முடியாது, நேரே சலூனுக்குப் போய் ஒட்ட வெட்டிக்கொள்ள வேண்டியதுதான். உன்னோடு படித்த மற்ற பையன்களுக்கு எண்ணெய் தடவினால் முடி படிந்துவிடும், ஒரு மாதம் தப்பிப்பார்கள். உன்னுடையது வெட்டிய பத்தாம் நாளே எழுந்து நின்றுவிடும். எண்ணெயைக் குடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் உயரும்.

ஒரு திங்கட்கிழமை அவர் உன் முடியை வெட்டவில்லை, பெர்மிங் பண்ணியிருக்கிறான் என்று சொல்லி வரிசையிலிருந்து இழுத்துவிட்டார். நீ இல்லை என்றாய். சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்துக் குழாயைத் திறந்து உன் தலையைக் கீழே பிடித்திருக்கிறார். இயற்கையான முடியென்றால் தண்ணீர் பட்டால் நேராகிவிடும் என்பது அவருடைய கணக்கு. தண்ணீர் பட்டதும் உன் முடி இன்னும் சுருண்டுகொண்டது. அதையே சாட்சியாக வைத்து உன்னைத் தலைமை ஆசிரியரிடம் கொண்டுபோனார். அம்மா அப்பாவைக் கூட்டிவா, இல்லையென்றால் டிசியை வாங்கிக்கொள் என்று அனுப்பிவிட்டார்கள். சட்டைக் காலர் நனைந்து நீ வீட்டுக்கு வந்து, "மா, நான் இன்னும் பண்ணல" என்றாய். இன்னும் ஏதோ பண்ணப் போகிறவன் மாதிரி. எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

உன் அப்பாவுக்கு ஃபேக்டரியில் ஓவர்டைம். "நீயே போய்ப் பாத்துக்க, உங்க ஆளுங்க முடிதானே அது" என்று கிண்டலாகச் சொல்லிவிட்டுப் போனார். கிண்டலென்றாலும் உண்மைதான். பாடி ஊரில் என் பிறந்த வீட்டில் அப்பா, அண்ணன், நான் எல்லோருக்கும் அதே முடி. ஏரிக்கரை நிலங்களில் கூலிக்குப் போன எங்கள் ஆட்களைப் 'பரட்டைத் தலை' என்று கூப்பிட்டுத்தான் வேலை வாங்குவார்கள். அதனாலேயே நான் சின்ன வயதிலிருந்து அதை வெளியே காட்டியதில்லை. உன் அப்பா என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட சவுரி வைத்து நீளப் பின்னல் காட்டித்தான் உட்காரவைத்தார்கள்.

நான் வேலை பார்த்த இடமும் உனக்குத் தெரியும், அம்பத்தூர் எஸ்டேட்டில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் கம்பெனி. அங்கே பெண்கள் எல்லோரும் துணித்தொப்பிக்குள் முடியை அடக்க வேண்டும். என் முடிக்கு அந்தத் தொப்பி போதாது, மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். நானே கொஞ்சம் பெரிதாகத் தைத்துப் போட்டுக்கொண்டேன். அந்த விதியை நான் இன்றும் குறை சொல்ல மாட்டேன். சுழலும் மிஷினில் முடி சிக்கினால் நீளமா சுருட்டையா என்று மிஷின் பார்க்காது. ஆனால் அதே கம்பெனியில் வெளியாட்கள் பார்வையிட வரும் நாளில் ஆட்களைக் கவனிக்கும் பர்சனல் ஆபீசர் என்னிடம் வந்து, "நீங்க இன்னிக்கு ஸ்டோர்ல இருந்துக்குங்கம்மா, ஹால்ல எல்லாம் நீட்டா தெரியணும்" என்பார். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து சோதனை பார்க்கும் வேலை காலியானபோது, எனக்குப் பின்னால் சேர்ந்த பெண்ணுக்குக் கொடுத்தார்கள். அவளுக்கு நீளமான பின்னல். காரணம் என்ன என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. விதி என்ற பெயரில் வருகிற இரண்டும் ஒன்றில்லை என்று அப்போதே எனக்குத் தெரியும். ஒன்று உயிரைக் காப்பாற்ற, இன்னொன்று கண்ணுக்குப் பிடித்த மாதிரி இருக்க. யாருடைய கண்ணுக்கு என்பதுதான் கேள்வி.

பள்ளிக்கூடம் உன்னைத் திருப்பி அனுப்பியதற்கு மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு உன்னோடு வந்தேன். தலைமை ஆசிரியர் அறையில் அவர், பிடி மாஸ்டர், கிளார்க் ஒருவர். ஜன்னலுக்கு வெளியே இடைவேளை விட்ட பையன்கள். நான் நின்றுகொண்டே சொன்னேன்.

"சார், இவன் பிறவிலேயே இப்டித்தான் சார். சலூனுக்குக் குடுக்க எங்ககிட்ட காசு ஏது."

"எல்லா அம்மாவும் இதைத்தாம்மா சொல்றாங்க" என்றார் பிடி மாஸ்டர். "தண்ணி ஊத்திப் பாத்தாச்சு. இது போட்டு வச்ச சுருட்டைதான்."

"அடியிலேந்தே சுருண்டுகினுதான் மொளைக்குது சார், பிரிச்சுப் பாருங்க."

"அவங்கப்பாவைப் பார்த்திருக்கேன்" என்றார் தலைமை ஆசிரியர். "அவருக்கு நேர் முடிதானே. வம்சத்துல இல்லாதது எப்படிம்மா வரும்?"

அந்தக் கேள்வி என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று உனக்கு அன்று புரிந்திருக்காது. அவர் தெரிந்து கேட்டாரோ தெரியாமல் கேட்டாரோ, அந்தக் கிளார்க் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தான். கை தானாகப் பின்னால் போயிற்று. கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து அவர் மேஜை மேல் வைத்தேன். எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்த முடியை விரலால் பிரித்துவிட்டேன். மற்றப் பெண்களுக்கு அவிழ்த்தால் முதுகில் விழும். என்னுடையது விழாது, நாலா பக்கமும் விரிந்து நிற்கும். சாவு வீட்டில்தான் பெண்கள் தலையை விரித்துப்போடுவார்கள், நான் பள்ளிக்கூடத்தில், ஆம்பளைகள் நடுவில் நின்றேன். உன் தோளைப் பிடித்து என் பக்கத்தில் இழுத்து நிறுத்தி, "இப்பப் பாருங்க சார். வம்சத்துல இந்த முடி கீதா இல்லையா?" என்றேன்.

பிடி மாஸ்டர் வெளியே போய்விட்டார். தலைமை ஆசிரியர் மேஜையைப் பார்த்துக்கொண்டே, "சரிம்மா, முடிஞ்சுக்குங்க. இயற்கைதான், ஒத்துக்கறேன்" என்றார். டிசி பேச்சு அதோடு போயிற்று. எனக்கு அழுகை வந்தது, ஜெயித்துவிட்டோம் என்ற அழுகை. அப்புறம்தான் அவர் சொன்னார், "ஆனா ரூல் ரூல்தான். இயற்கையா இருந்தாலும் படியலேன்னா படிய வைக்கணும், இல்லேன்னா ஒட்ட வெட்டிக்கிட்டு வரணும். ஒருத்தனுக்கு விட்டா எல்லாரும் கேப்பான்."

இதைத்தான் அந்தச் சட்டத்தைப் படிக்கும்போது நினைத்துக்கொண்டேன். நாம் பொய் சொல்லவில்லை என்று நிரூபித்தாலும் உன் பள்ளிக்கூடத்தில் பலனில்லை. படிந்த முடிக்காரர்களை மனதில் வைத்து எழுதிய விதி அது. அதில் உனக்கு இடமே வைக்கவில்லை. அதற்குப் பிறகு பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை பத்து நாளுக்கொரு தடவை நீ மிஷின் கட்டிங் வெட்டிக்கொண்டாய். என் பிள்ளையின் தலையை நான் தடவினால் கையில் குத்தும். இங்கே இன்றுவரை முடிக்கென்று அப்படி ஒரு சட்டம் வரவில்லை. பிள்ளைகளை உடலளவில் தண்டிக்கக் கூடாது, மனதை நோகடிக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தில் வந்துவிட்டது. கத்தரியோடு வந்தால் அதைச் சொல்லிக் கேட்கலாம். அன்று எனக்கு அதுகூட இல்லை. என்னிடம் இருந்தது என் தலை ஒன்றுதான்.

நான் எழுத வந்தது அதற்கு அடுத்ததைப் பற்றி. அறையை விட்டு வெளியே வந்ததும் நீ எனக்கு முன்னால் வேகமாக நடந்தாய். ஜன்னலுக்கு வெளியே இருந்த பையன்களில் ஒருவன், "இன்னா மாமே, உங்கம்மாவுக்குச் சாமி வந்துச்சா?" என்று கேட்டான். மற்றவர்கள் சிரித்தார்கள். பஸ் ஸ்டாப்பில் நீ என்னைப் பார்க்காமல் கேட்டாய்.

"இன்னாத்துக்கும்மா அவுத்த?"

"வேற இன்னாடா பண்ணச் சொல்ற? டிசி குடுத்துட்டாங்கன்னா?"

"குடுத்தா குடுக்கட்டும். நீ இனிமே ஸ்கூலுக்கு வராத."

நான் வரவில்லை. ஆண்டு விழாவில் நீ பரிசு வாங்கியதைப் பக்கத்து குவார்ட்டர்ஸ் அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நீ கெட்ட பிள்ளை இல்லை, கடைக்குப் போவாய், தண்ணீர் அடித்துக் கொடுப்பாய், எனக்குக் காய்ச்சல் வந்தால் ரசம் வைப்பாய். ஆனால் என்னோடு சேர்ந்து தெருவில் நடப்பதை விட்டுவிட்டாய். பூந்தமல்லியில் அத்தை வீட்டுக் கல்யாணத்துக்குப் போனபோதுகூட நீ முன் பஸ்ஸிலும் நான் அடுத்த பஸ்ஸிலும் போனோம். ஏதோ பையனுக்கு வயசு வந்துவிட்டது என்று உன் அப்பா நினைத்தார். எனக்குத் தெரியும். உனக்காக மானத்தை விட்டேன், அந்த மானக்கேடு உன் மேல் ஒட்டிக்கொண்டது. அதற்கு உன்னை நான் குறை சொல்லவில்லை. பதினாலு வயதுப் பையன் அவன் வகுப்பிலேயே வாழ வேண்டியவன். ஆனாலும் மகனே, அன்றைக்கு என்னோடு நிற்க அந்த அறையில் ஒரு ஆள் இருந்திருக்கலாம் என்று நான் பல தடவை நினைத்ததுண்டு. அந்த ஆள் நீயாக இருந்திருக்கலாம் என்றும்.

தொண்ணூறுகளில் நீ பாலிடெக்னிக் போனபோது விட்டால் போதும் என்று முடியை வளர்த்தாய். இரண்டு வருஷம் உன் தலையைப் பார்க்க எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. சொன்னால் வெட்டிவிடுவாயோ என்று பயந்து சொல்லாமல் இருந்தேன். அப்புறம் அந்த விற்பனைப் பிரிவு இன்டர்வியூ. எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்ன பிறகு, "இந்த முடியோடயா கஸ்டமரைப் பார்க்கப் போவீங்க?" என்று கேட்டார்களாம். நீ அங்கிருந்து நேரே சலூனுக்குப் போய்விட்டு வீட்டுக்கு வந்தாய். வேலை கிடைத்தது. அதன் பிறகு உன் தலையில் முடி வளர்ந்து நான் பார்க்கவில்லை. பாப்பா பார்த்திருக்கவே மாட்டாள். அவளுக்கு அப்பா என்றால் மொட்டைத் தலைதான். அப்படியிருக்க அவள் யாரைப் பார்த்துத் தெரிந்துகொள்வாள்?

அவள் தலையை எப்படிப் பார்த்துக்கொள்வது என்றும் சொல்லிவிடுகிறேன். உன் மனைவிக்கு நேர் முடி, அவளுக்குத் தெரிய நியாயமில்லை. காய்ந்த தலையில் சீப்பை வைக்காதே, உடைந்துபோகும். ஈரமாக இருக்கும்போது எண்ணெய் தொட்ட விரலால் நுனியிலிருந்து மேலே மேலே சிக்கெடுக்க வேண்டும். தினமும் ஷாம்பு வேண்டாம். இழுத்துக் கட்டாதே, நெற்றிப் பக்கம் முடி உதிர்ந்து மேலே ஏறிக்கொண்டே போகும். எனக்கு ஏறியிருக்கிறது, உற்றுப் பார்த்தால் தெரியும். நீ உற்றுப் பார்த்து ரொம்ப நாளாயிற்று. யாராவது அவளிடம் நேராக்கிக்கொள் என்று சொன்னால் உங்கள் சட்டத்தைக் காட்டு. சட்டம் வெளியாட்களைத் தடுக்கும். வீட்டுக்குள்ளேயே 'நம்ம வீட்ல யாருக்கும் இல்ல' என்று சொல்கிற அப்பாவை அது தடுக்காது.

நீ பொய் சொன்னாய் என்று நான் நினைக்கவில்லை. உண்மையிலேயே மறந்திருப்பாய். அன்றைக்கு அந்த அறையில் பார்த்ததை மறக்க நீ பட்ட பாட்டில் உன் முடியும் என் முடியும் சேர்ந்து மறந்துபோயிருக்கும். உன் அப்பா போன பிறகு இந்த வீட்டில் கொண்டையை அவிழ்த்துவிட்டுத்தான் இருக்கிறேன், பார்க்க ஆளில்லை. நீ ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவதற்கு முன்னால்தான் எண்ணெய் வைத்து அழுத்தி வாருகிறேன். உனக்குப் பிடிக்காதே என்று.

முடி இப்போது வெளுத்துவிட்டது. குளித்தால் கைநிறைய வருகிறது. இருக்கிறது கொஞ்சம், இருக்கிற கொஞ்சமும் சுருண்டுதான் இருக்கிறது. அது என் தலையில் இருக்கும்போதே பாப்பாவிடம் சொல்லிவிடு, பாட்டியுடையது என்று. நானே சொல்லலாம், அவள் நம்புவாள். ஆனால் அதை நீ சொல்ல வேண்டும். அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சொல். நானும் கேட்கிறேன்.

உன் அம்மா